எழுபது ரூபாய்த் தள்ளு

என் கடைக்கு நேர் எதிரே தவிடும் புண்ணாக்கும் விற்றுக்கொண்டிருந்தவனைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவனைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என் பேனா அதற்கு இணங்கியிருக்காது.

என் வயதுதான் அவனுக்கும். நெமிலிச்சேரியிலிருந்து அம்பத்தூர்க் கடைத்தெருவுக்கு வந்தபோது அவனிடம் ஒரு தராசும் இரண்டு மூட்டைத் தவிடும்தான் இருந்தன. காலையில் கடை திறந்தால் மாலைவரை அவன் வாயிலிருந்து பத்து வார்த்தை வந்தால் அதிகம். எடை போடுவான், காசு வாங்குவான், தலையசைப்பான். எனினும் கடைத்தெருவில் இரண்டு பேருக்குள் வழக்கு என்றால் அவனிடம்தான் போனார்கள். பட்டணத்து மொத்த வியாபாரி அவனுக்கு முன்பணமின்றி மூட்டை அனுப்பினார். எனக்கோ ஒரு பெட்டி சோப்புக்கும் கையில் காசு வைத்தால்தான் வண்டியிலிருந்து சரக்கு இறங்கும்.

நான் யார் என்று கேட்பீர்களானால், சோப்பு, தீப்பெட்டி, விளக்குக் கண்ணாடி, நோட்டு, பென்சில் விற்ற சில்லறைக் கடைக்காரன். அது என் பிழைப்பு. என் பெருமை வேறு இடத்தில் இருந்தது. சனிக்கிழமை மாலைகளில் வாசகசாலையில் நடக்கும் சொற்போரில் நான் எந்தக் கட்சியில் நிற்கிறேனோ அந்தக் கட்சி வெல்லும். அந்தத் திறம் எனக்குச் சும்மா வந்ததன்று. கள்ளிக்குப்பம் போகும் வழியில் அறுப்பு முடிந்த வயலைச் சபையாக வைத்து, கடைசி வரப்புவரை குரலை எறிந்து பழகியவன் நான். கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டு, கேட்பவர் மூச்சு விடும்வரை காத்திருந்து, பிறகு விடையைச் சொல்வது எப்படி என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட எனக்குக் கைதட்டியவர்கள், மறுநாள் காலை எதிர்க் கடை வாசலில் நின்று, "இன்னா சொல்ற நைனா, இந்த மாட்டை வாங்கலாமா?" என்று அவனைக் கேட்டார்கள். அவன் மாட்டைப் பார்ப்பான். "வேணாம்," என்பான். அவர்கள் வாங்க மாட்டார்கள். என் வயிற்றில் எரிந்தது தீயா, அமிலமா என்று எந்த மருத்துவரும் சொல்லியிருக்க முடியாது.

எங்கள் இருவரையும் ஒரே பலகையில் உட்கார வைத்தது ஒன்றே ஒன்று, ஏலச்சீட்டு.

நெல் மண்டி வைத்திருந்தவர் அந்தச் சீட்டை நடத்தினார். இருபது பேர், ஆளுக்கு மாதம் பத்து ரூபாய், ஆக மொத்தம் இருநூறு. முதல் மாதச் சீட்டு வழக்கப்படி மண்டிக்காரருக்கு, ஏலமின்றி முழுதாக. இரண்டாம் மாதத்திலிருந்து ஏலம். பணம் தேவைப்படுகிறவர், இருநூறில் எவ்வளவை விட்டுக்கொடுக்கத் தயார் என்று கேட்க வேண்டும். அதற்குத் தள்ளு என்று பெயர். யார் அதிகம் தள்ளுகிறாரோ அவருக்குச் சீட்டு. தள்ளிய தொகையில் மண்டிக்காரருக்குப் பத்து ரூபாய் கமிஷன். மீதியை இருபது பேருக்கும் சமமாகப் பிரிப்பார்கள். அந்தப் பங்குதான் கசர். ஒருவர் ஐம்பது தள்ளி எடுத்தால், கமிஷன் போக நாற்பது. ஆளுக்கு இரண்டு ரூபாய் கசர். ஏலம் முடிந்த கையோடு எல்லாரும் பத்துக்குப் பதில் எட்டு ரூபாய் கட்டிவிட்டுப் போவோம். ஒருமுறை எடுத்தவர் மறுபடி கேட்க முடியாது. ஆனால் கடைசி மாதம்வரை கட்டியாக வேண்டும். கசரும் அவருக்கு உண்டு.

நான் கணக்கை முறையாக எழுதுகிறவன். கையை விட்டுப் போனது எட்டுதான் என்று எட்டை மட்டும் எழுதிவைக்கும் சோம்பல் எனக்குப் பிடிக்காது. பற்றுப் பக்கம் சீட்டு பத்து ரூபாய் என்றும், வரவுப் பக்கம் கசர் இரண்டு ரூபாய் என்றும் தனித்தனியே எழுதுவேன். வருடக் கடைசியில் கசர் வரிகளை மட்டும் கூட்டினால், நான் சும்மா உட்கார்ந்து சம்பாதித்தது எவ்வளவு என்பது தெரியும். அந்த வரியை எழுதும்போது ஒரு சுகம் உண்டு. இன்னொருவனுடைய அவசரம், அவன் வீட்டுக் கல்யாணமோ நோயோ எதுவோ, அணாவும் ரூபாயுமாக என் ஏட்டில் வந்து உட்காருகிறது. ஆனால் அந்தச் சுகத்தினுள் ஒரு முள்ளும் இருந்தது. கசர் எல்லாருக்கும் ஒன்றே. நாவன்மை படைத்தவனுக்கும் தலையசைக்கிறவனுக்கும் அதே இரண்டு ரூபாய். எதிர்க் கடையில் அவனும் அதே நேரத்தில் அதே தொகையை எழுதிக்கொண்டிருப்பான் என்று நினைத்தால் மை கசந்தது.

யுத்தம் என்பது எங்களுக்குப் பத்திரிகையில் மட்டும் இருந்த காலம் அது. சீட்டில் பத்து மாதம் ஓடியிருந்தது. அப்போது ரயில்வே ஸ்டேஷனை ஒட்டிய ஓட்டுக் கடை காலியாயிற்று. அகலமான வாசல், உள்ளே ஒரு கிடங்கு, வண்டி நிற்க இடம். பட்டணத்துக்குப் போகிறவனும் பட்டணத்திலிருந்து வருகிறவனும் அந்த வாசலைத் தாண்டாமல் ஊருக்குள் நுழைய முடியாது. கடையின் சொந்தக்காரர் பட்டணத்தில் இருந்தார். நூற்று முப்பது ரூபாய் முன்பணம், யார் முதலில் கொண்டுவந்து வைக்கிறார்களோ அவர்களுக்குக் கடை என்று சொல்லியனுப்பினார்.

அந்தக் கடை எனக்கு வேண்டும். ஜவுளித் துண்டும் பனியனும் வைத்து விற்கலாம் என்று மனத்திற்குள் அலமாரிகூட அடித்துவிட்டேன். சரக்குக்கென்று கொஞ்சம் பணம் ஒதுக்கியும் வைத்திருந்தேன். முன்பணத்துக்கு வழி சீட்டுதான். ஆனால் அதே வாரம் எதிர்க் கடைக்காரன் ஒரு காலையில் கடையைச் சாத்திவிட்டு ஸ்டேஷன் பக்கம் போனதைப் பார்த்தேன். அந்த வாசலின் அகலத்தைத் தன் துண்டால் அளந்துகொண்டிருந்தான். தவிட்டு மூட்டை ரயிலில் வந்து இறங்கினால் கிடங்கு பக்கத்திலேயே இருக்கும் அல்லவா? எனக்கு ஒரு கடை இல்லாமல் போவதைக்கூட நான் பொறுத்திருப்பேன். அது அவனுக்குக் கிடைப்பதைப் பொறுக்க முடியாது.

பதினோராம் ஏலம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அதற்கு முன் வாரம் முழுவதும் நான் தயாரானேன். எந்த எண்ணில் எந்த வார்த்தை, எங்கே சிரிப்பு, எங்கே மௌனம் என்று எல்லாவற்றையும் வகுத்தேன். எழுபதுவரை நான் தள்ளலாம். எழுபது போனால் கையில் மிஞ்சுவது சரியாக நூற்று முப்பது. அவனுக்கும் அதுவே எல்லை. ஆகவே எழுபதை முதலில் சொல்கிறவன் வென்றவன்.

மண்டியில் நெல் மூட்டைகளுக்கு நடுவே பலகை போட்டிருந்தார்கள். மண்டிக்காரர் மரக்காலைக் கவிழ்த்து முன்னால் வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"பதினோராஞ் சீட்டு. எடுக்காதவங்க மட்டும் வாயத் தொறக்கணும். எடுத்தவங்க வேடிக்கை பாருங்க. யாரு கேக்கறது?"

சைக்கிள் வாடகைக் கடைக்காரர் வழக்கம்போல இருபதில் தொடங்கினார். அவன், "முப்பது," என்றான்.

நான் எழுந்து நின்றேன். மற்றவர்கள் உட்கார்ந்தே கேட்பார்கள். நின்று பேசினால்தான் எனக்குக் குரல் வரும். "சபையோரே! முப்பது என்பது தவிட்டுக்குச் சொல்லும் விலை. இருநூறு ரூபாய்ச் சீட்டுக்குச் சொல்லும் விலையா? நாற்பது!"

சிரிப்பு எழுந்தது. நாலாம் மாதமே சீட்டை எடுத்துவிட்ட தையற்காரர் தொடையில் தட்டினார். வாசகசாலையில் என் பேச்சுக்கு முதல் கைதட்டு எப்போதும் அவருடையதே. "ஏத்து மச்சான், ஏத்து! நமக்கு இன்னா? கசர் ஏறுது!"

"ஐம்பது," என்றான் அவன், அண்ணாந்துகூடப் பார்க்காமல்.

"ஐம்பத்தைந்து! பேசத் தெரியாதவருக்கு எண்ணவாவது தெரியும் என்று நினைத்தேன். அவர் எண்ணுவதும் மூட்டை மூட்டையாகத்தான் இருக்கிறது."

"அறுவது."

"தவிடா, தமிழா? இன்னிக்குத் தெரிஞ்சிடும்!" என்று பின்னாலிருந்து யாரோ கூவினார்கள்.

நான் மூச்சை அடக்கி, மண்டி முழுதும் அமைதியாகும்வரை நின்றேன். பிறகு, "எழுபது," என்றேன்.

மண்டிக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, யோசிச்சுதான் சொல்றியா? கைக்கு நூத்தி முப்பதுதான் வரும்."

"கணக்கு எனக்குத் தெரியும்."

"ஒரு தரம்." அவர் அவனைப் பார்த்தார். அவன் உள்ளங்கையில் ஒட்டியிருந்த தவிட்டுத் தூளைத் தட்டிக்கொண்டிருந்தான். "போதும் முதலாளி. நைனா எடுத்துக்கட்டும்," என்றான். ரெண்டு தரம், மூணு தரம். மரக்காலில் கை விழுந்தது.

எழுபதில் பத்து கமிஷன் போக அறுபது. ஆளுக்கு மூன்று ரூபாய் கசர். அந்தச் சீட்டில் அதுவரை யாரும் காணாத கசர். மண்டியே எனக்காகக் கைதட்டியது. எத்தனையோ மேடையில் கைதட்டு வாங்கியிருக்கிறேன். தோற்றவன் என் கண்முன்னே உட்கார்ந்திருக்க வாங்கியதற்கு ஈடு எதுவும் இல்லை. அவன் மட்டும் மடியிலிருந்து ஏழு ரூபாயை எடுத்து வைத்தான். "மூணு ரூபா கசர். நல்லதுதான்," என்றான். என் தோல்விக்காகக் காத்திருந்து அதைக் கொண்டாடியிருந்தால்கூட நான் அவனை மன்னித்திருப்பேன். என் வெற்றியிலிருந்து லாபம் எடுத்துக்கொண்டு எழுந்து போனானே, அதை எப்படி மன்னிப்பது?

எல்லாரும் ஏழேழாகக் கட்டி முடித்ததும் மண்டிக்காரர் கேட்டார். "சரி தம்பி, ஜாமீன் யாரு?"

நான் இன்னும் மேடையிலிருந்து இறங்கியிருக்கவில்லை. "இந்தச் சபையே எனக்கு ஜாமீன்!" என்றேன்.

"சபைக்குச் சீட்டு இல்லியே," என்றார் அவர். தையற்காரர்கூடச் சிரித்துவிட்டார். "வர்ற ஞாயித்துக்கெழமைக்குள்ள எடுக்காத ஆள் ஒருத்தரைக் கூட்டிகினு வா. அதுவரைக்கும் பணம் பொட்டியில தூங்கட்டும். வரலைன்னா மறு ஏலம். மறு ஏலத்துல தள்ளு கொறஞ்சுதுன்னா அந்தத் துண்டு உன் தலையில. வழக்கம் தெரியுமில்ல?"

தெரியும். சீட்டை எடுத்தவன் அதன்பின் கட்டாமல் ஓடிவிடலாம். ஆகவே ஜாமீன் வேண்டும். எடுக்காத ஒருவர் ஜாமீன் நின்றால் அவர் இதுவரை கட்டிய பணமே பிணை. ஆனால் அப்படி நின்றவர், சீட்டு முடியும்வரை தம் சீட்டை எடுக்க முடியாது. இது இருபது பேருக்கும் தெரிந்த சங்கதி. எனக்கும் தெரிந்திருந்தது. அது ஒரு சடங்கு என்றும், என்னைப் போன்றவனுக்கு அது கேட்டவுடன் நடந்துவிடும் என்றும் எண்ணியிருந்தேன்.

திங்களன்று தையற்காரரிடம் போனேன். "உனக்கு இல்லாத ஜாமீனா மச்சான்? உயிரையே குடுப்பேன். ஆனா நான்தான் எடுத்துட்டேனே. என் தலை செல்லாது," என்றார். என்னைப் புகழ்கிறவர்கள் எல்லாரும் அப்படியே. அவசரக்காரர்கள், முதல் சில மாதங்களிலேயே எடுத்துத் தீர்த்தவர்கள். எடுக்காமல் இருந்தவர்களைத் தேடிப் போனேன். சைக்கிள் கடைக்காரர் ட்யூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டே சொன்னார். "நீ பேசினா எனக்குப் புல்லரிக்குது தம்பி. சத்தியமா. ஆனா தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம் கீது. என் சீட்டை உன்கிட்ட கட்டிப்போட்டுட்டு நான் எங்க போய் நிக்கறது?" ஒருவருக்கு ஜோடி மாடு, ஒருவருக்கு வீட்டுக் கூரை. ஆளுக்கொரு மாதத்தைக் குறித்துவைத்துக் காத்திருந்தார்கள்.

கடைசிச் சீட்டுக்காகவே காத்திருக்கும் ஒருவர் மட்டும் இருந்தார். கள்ளிக்குப்பத்தில் எருமை வைத்துப் பால் ஊற்றும் அக்கா. கடைசி மாதம் ஏலம் கிடையாது. கமிஷன் மட்டும் போகக் கிட்டத்தட்ட முழுப் பணமும் வரும். அவருக்கு நடுவில் அவசரம் ஏதும் இல்லை. ஜாமீன் நிற்பதால் நட்டமும் இல்லை. செவ்வாய்க்கிழமை மாலை அவர் கொட்டிலுக்குப் போனேன்.

"வா நைனா. பேச வந்தியா, பால் வாங்க வந்தியா?"

நான் பேசினேன். வணிகம் என்பது நம்பிக்கையின் மேல் நிற்கும் கட்டடம் என்றேன். ஒரு கையெழுத்தால் ஒரு குடும்பம் தலைநிமிர்வதைச் சொன்னேன். ஸ்டேஷன் கடையை அவர் கண்முன் கட்டி நிறுத்தினேன். அவர் காடியில் வைக்கோலைப் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"நல்லா பேசற. எருமைகூட அசை போடறதை நிறுத்திட்டுக் கேக்குது, பாரு."

"அப்படியானால் நிற்கிறீர்களா அக்கா?"

"எப்படி நிக்கறது? அந்தத் தவிட்டுக்காரப் புள்ள போன மாசமே வந்து கேட்டுட்டானே. 'சீட்டு எடுக்கலாம்னு கீறேன் அக்கா, ஜாமீன் நிப்பியா'ன்னான். நிக்கறேன்னு சொல்லிட்டேன்."

ஏலத்துக்கு முன்பே, கேட்கும் எண்ணைத் தீர்மானிக்கும் முன்பே, அவன் இங்கே வந்து இந்தச் சாணி வாசனைக்கு நடுவில் நின்றிருக்கிறான்.

"அவன்தான் எடுக்கவில்லையே!"

"இப்ப எடுக்கல. அடுத்த மாசம் எடுப்பான்ல? எங்கிட்ட கீறது ஒத்தச் சீட்டு. அதை ரெண்டு பேருக்கா கட்ட முடியும்?" என் முகத்தைப் பார்த்து அவர் குரலைத் தணித்தார். "இத பாரு. எனக்கு யாரா இருந்தா இன்னா? அவனே வந்து, 'அக்கா, நைனாவுக்கு நில்லு'ன்னா நின்னுடறேன். உன் கடைக்கு எதுத்தாப்பலதான கீறான்? ஒரு வார்த்த கேளேன்."

ஒரு வார்த்தை! ஆயிரம் பேர் நடுவே பத்தாயிரம் வார்த்தை பேசக் கூசாதவனுக்கு அந்த ஒரு வார்த்தைதான் வாயில் வரவில்லை. புதன், வியாழன், வெள்ளி. நான் சோப்பு எடுத்துக் கொடுத்துக்கொண்டே தெருவின் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். வாக்கியங்களை இயற்றிப் பார்த்தேன். 'நண்பரே' என்று தொடங்கினால் பொய்யாகத் தொனித்தது. 'உம்மால் ஒரு காரியம்' என்று தொடங்கினால் பிச்சையாகத் தொனித்தது. அவன் தலையசைப்பான், அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. அவன் தலையசைப்பால் எனக்குக் கடை கிடைத்தது என்று ஊர் பேசும். மாட்டை வாங்கலாமா என்று கேட்டு நின்றவர்களின் வரிசையில் நானும் ஒருவனாவேன். சனிக்கிழமை சொற்போர் இருந்தது. போனேன், வென்றேன், வந்தேன். தெருவைத் தாண்டவில்லை.

ஞாயிறு மத்தியானம் மறு ஏலம். மண்டிக்காரர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். நான் தலையை ஆட்டினேன்.

"சரி, கேளுங்க சொல்றேன். போன வாரம் எழுவதுன்னு வெச்சு எல்லாரும் மூணு ரூபா கசர் கழிச்சுகினு கட்டிட்டீங்க. அதை நான் திருப்பிக் கேக்கப் போறதில்ல. இப்ப எவ்வளவு கொறையுதோ அதைத் தம்பி கட்டும். தம்பி, நீ கேக்கக் கூடாது. ஜாமீன் இல்லாதவன் இன்னிக்கு வாயத் தொறக்க வேணாம்."

நான் பலகையில் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்வில் ஒரு சபையில் வாய் மூடி உட்கார்ந்தது அன்றுதான். தள்ளு ஏற ஏற என் சுமை குறையும். எழுபதைத் தொட்டுவிட்டால் எனக்கு ஒரு காசும் நட்டமில்லை. போன வாரம் எவனைக் கீழே தள்ள ஒவ்வொரு எண்ணாக ஏற்றினேனோ, அவன் இப்போது ஏற ஏற எனக்கு நல்லது. அவன் ஏற வேண்டும் என்று நான் உள்ளுக்குள் வேண்டினேன்.

சைக்கிள் கடைக்காரர், "இருவது," என்றார்.

அவன், "முப்பது," என்றான்.

நான் சைக்கிள் கடைக்காரரைப் பார்த்தேன். அவர் ஐம்பது என்று ஒரு சொல் சொன்னால் போதும். எதிரி அறுபதுக்குப் போவான். என் கண்ணில் இருந்த சொற்பொழிவு முழுவதும் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அவர் வேட்டி நுனியைச் சரி செய்துகொண்டு, "எனக்கு எதுக்குப்பா வம்பு? ஏத்திட்டு என் தலையில உழுந்துட்டா?" என்றார். வேறு யாரும் வாய் திறக்கவில்லை. கசரைத்தான் எல்லாரும் ஏற்கெனவே வாங்கிவிட்டார்களே. ஏற்றிவிட இனி யாருக்கு என்ன ஆசை? போன வாரம் தொடையில் தட்டியவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தரம். ரெண்டு தரம்." மண்டிக்காரர் வேண்டுமென்றே நிறுத்தினார், எனக்காக நிறுத்தினார் என்று நினைக்கிறேன். எதிர்க் கடைக்காரன் அந்த மௌனத்தை ஒரு எண்ணால் நிரப்பவில்லை. மௌனம் எப்போது எதைச் செய்யும் என்று கற்றவன் நான் அல்லவா? அன்று அதைக் கையாண்டவன் அவன். "மூணு தரம்."

பால்கார அக்கா மூலையிலிருந்து எழுந்து வந்து கட்டை விரலை மையில் தொட்டு ரேகை வைத்தார். அவன் நூற்று எழுபது ரூபாயை எண்ணி வாங்கினான். முப்பது தள்ளுக்கு ஆளுக்கு ஒரு ரூபாய்தான் கசர், கொடுத்ததோ மூன்று. இருபது பேருக்கும் இரண்டிரண்டாக நாற்பது ரூபாய் துண்டு விழுந்தது. மண்டிக்காரர் அதைத் தம் பெட்டியிலிருந்து அப்போதைக்குப் போட்டு, மாதத்திற்குள் தரும்படி என்னிடம் சொன்னார். ஜவுளிச் சரக்குக்கென்று ஒதுக்கியிருந்த பணத்திலிருந்து மறுநாளே கொடுத்தேன். நிரப்புவதற்குக் கடை இல்லாதபோது சரக்கு எதற்கு?

அந்த மாதக் கணக்கை எழுதுவது எளிதாக இருக்கவில்லை. சீட்டு பத்து, பற்று. கசர் மூன்று, வரவு. சீட்டு நட்டம் நாற்பது, பற்று. மூன்று வரியும் சரியே. ஆனால் அந்தக் கசரில் இரண்டு ரூபாய் என் பையிலிருந்தே வந்தது. மற்ற பத்தொன்பது பேருக்கும் அப்படியே. அவனுக்கும்தான். நூற்று எழுபதை வாங்கிக்கொண்டு, கடையையும் வாங்கிக்கொண்டு, அதற்குமேல் நான் கொடுத்த இரண்டு ரூபாயையும் அவன் கசர் என்று எழுதியிருப்பான். அல்லது பேச்சைப் போலவே கணக்கையும் சுருக்கி, ஏழு என்று மட்டும் எழுதியிருப்பான். எது எனக்கு அதிகம் வலித்தது என்று இன்றும் சொல்ல முடியவில்லை.

முன்பணம் கொடுத்துவிட்டு வந்த அன்று அவன் தெருவைத் தாண்டி என் கடைக்கு வந்தான். ஒரு தீப்பெட்டி வாங்கினான்.

"நீ கேப்பேன்னு பாத்துகினு இருந்தேன் நைனா," என்றான். "கேட்டிருந்தா அக்காகிட்ட சொல்லியிருப்பேன்."

"கேட்காமலே சொல்லியிருக்கலாமே?"

அவன் தீப்பெட்டியை மடியில் செருகினான். "ஆங். சொல்லியிருக்கலாம்தான்," என்று சொல்லிக் காசை வைத்துவிட்டுப் போனான்.

அவன் உண்மையைச் சொன்னானா? பலமுறை இதை எனக்குள் விவாதித்திருக்கிறேன். என்னிடம் ஜாமீன் இல்லை என்பது அறுபதில் நின்றபோதே அவனுக்குத் தெரியும். இருந்த ஒரே ஜாமீன் அவன் கைக்குள் இருந்தது. ஒரு வாரம் பொறுத்தால் பாதித் தள்ளில் எடுக்கலாம் என்று கணக்கிட்டே அவன் நிறுத்தினான் என்பது என் கட்சி. எழுபது தனக்குக் கட்டாது என்று நிறுத்தினான், அவ்வளவுதான் என்பது ஊரின் கட்சி. என் கட்சிக்கு நான் எத்தனையோ சான்று காட்டுவேன். ஊர் கேட்டுவிட்டுச் சிரிக்கிறது.

கடை திறப்பு ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முதல் நாள் வெற்றிலைத் தட்டோடு வந்து நின்றான்.

"நாலு வார்த்த பேசணும் நைனா. எனக்கு வாய் வராது."

மறுத்திருப்பேன். மறுக்கும் வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் ஆவடியில் ஒருவர் இருந்தார். நன்றாகப் பேசுவார், அடுக்கு மொழியில் என்னைவிடத் தேர்ந்தவர் என்று சிலர் சொல்லிவந்தார்கள். நான் இல்லையென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அம்பத்தூர் ஸ்டேஷன் வாசலில், என் ஊரார் முன்னால், ஆவடிக்காரர் பேசுவதா? வெற்றிலையை எடுத்துக்கொண்டேன்.

புதிதாகச் சுண்ணாம்பு அடித்த அந்த வாசலில் நின்றபோது, நான் நினைத்ததைவிட அது அகலமாக இருந்தது. பனியன் அடுக்க நான் மனத்தில் அளந்த இடத்தில் புண்ணாக்கு மூட்டை நின்றது. உழைப்பைப் பற்றிப் பேசினேன். நாணயத்தைப் பற்றிப் பேசினேன். அவனைப் பெயர் சொல்லாமல், 'இந்த இளைஞர்' என்று மட்டும் சொன்னேன். குரல் தண்டவாளத்துக்கு அப்பால்வரை போயிற்று. காலை வண்டியில் இறங்கியவர்கள் மூட்டையும் முடிச்சுமாக நின்று கேட்டார்கள். பால் கேன்காரர்கள் கேனை இறக்கி வைத்தார்கள். என் வாழ்வில் அதைவிட நன்றாக நான் பேசியதில்லை. அதை நான் அடக்கத்துக்காகக்கூட மறுக்க மாட்டேன்.

கைதட்டு அடங்கிற்று. நின்றிருந்தவர்கள் அத்தனை பேரும் என்னைத் தாண்டிக் கடைக்குள் போனார்கள்.